டீக்கடை விலைப் படம்: பன்னிரண்டு பதினைந்தான கதை

"எங்க மாமா டீக்கடை வச்சிருக்காங்க. தினமும் காலையில விலைப் போர்டு படம் ஒண்ணு வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க. விலை மாறினா பழைய நம்பரை அழிச்சிட்டுப் புதுசு எழுதுறாங்க, ஆனா ஒட்டுப் போட்ட மாதிரி அசிங்கமா தெரியுது. போன்லயே சுத்தமா மாத்த என்ன வழி? வயசு ஐம்பத்தெட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது."

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. எதிரே ஒரு அண்ணாச்சியின் டீக்கடை. உங்கள் மாமாவின் பிரச்சினை அப்படியே அவருக்கும் இருந்தது. அவர் அதைக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னாலே உங்களுக்கு வேண்டிய பதில் அதில் வந்துவிடும். அவர் எங்கெங்கே தவறினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் மாமாவும் அதே இடங்களில்தான் தவறுவார்.

அண்ணாச்சி கடையைச் சுற்றி நாலைந்து அலுவலகங்கள். எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப். காலையில் விலைப் படம் போட்டால் பத்து மணிக்கு "பதினாலு டீ, ஆறு பருப்பு வடை, ரெண்டு ஆம்லெட்" என்று ஆர்டர் வரும், பையன் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பான். டீ விலை வருஷத்துக்கு ஒரு தடவை மாறினால் அதிகம். மாறிக்கொண்டே இருப்பது முட்டைச் சாமான்கள்தான். முட்டைக்கு நாமக்கல்லில் விலை அறிவிக்கிறார்கள், அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அண்ணாச்சி ஆம்லெட்டையும் அவித்த முட்டையையும் அதையொட்டி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மாற்றுவார். வாழைக்காய் கிடைக்காத நாளில் பஜ்ஜியை எடுக்க வேண்டும். ஆக, தினமும் படத்தில் கைவைத்தாக வேண்டும்.

அவரிடம் இருந்தது ஃப்ளெக்ஸ் கடையில் போட்டுக்கொடுத்த ஒரே ஒரு படம். கரும்பச்சைப் பின்னணி, மேலே அடர்த்தியாக ஆரம்பித்துக் கீழே போகப்போக வெளிறும். மஞ்சளில் பதினொரு பெயர்கள், சிவப்பில் விலைகள். ஃப்ளெக்ஸாக அடித்துக் கடையில் கட்டியபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போனில் திருத்துவதற்கு இதைவிட மோசமான படம் கிடைக்காது. அது ஏன் என்று எனக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

டீ பன்னிரண்டிலிருந்து பதினைந்து ஆன அன்று, கேலரியில் இருக்கும் எடிட் பகுதியில் போய் பச்சை நிறப் பேனாவை எடுத்து 12 மேல் தேய்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் 15 என்று விரலாலேயே எழுதினார். பேனா கொடுக்கிற பச்சை வேறு, போர்டில் இருக்கிற பச்சை வேறு. இலைமேல் கிளிப்பச்சை பெயின்டைக் கொட்டினது போல இருந்தது. ஆனாலும் போட்டுவிட்டார். பத்து மணிக்கு ஓர் அலுவலகத்தில் வாடிக்கைக்காரர் ஒருவர் டீ வாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறார்: "என்ன அண்ணாச்சி, பழைய விலைய மறைச்சுல்ல எழுதியிருக்கீங்க? எங்களுக்கு மட்டும்தான் பதினஞ்சா?"

அந்தக் கேள்வி அவரைக் குத்திவிட்டது. சிலேட்டில் அழித்து எழுதினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லோரும் பார்க்க அழித்து எழுதுகிறோம். படத்தில் ஒரு ஒட்டு தெரிந்தால், அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கண் தேடும். அன்று சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்து, தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, இந்த ஒட்டு தெரியாம மாத்த ஒரு வழி சொல்லுங்க. தினம் உங்ககிட்ட வந்து நிக்க முடியாது, அஞ்சு மணிக்கு நீங்க எந்திரிக்கவும் மாட்டீங்க."

முதலில் நான் சொல்லிக்கொடுத்தது எல்லோரும் சொல்கிற வழிதான். போர்டில் இருக்கிற பச்சையையே சொட்டு மருந்துக் குழாய் மாதிரி இருக்கும் அந்தக் கருவியால் தொட்டு எடுத்து, அதே நிறத்தில் ஒரு கட்டம் போட்டு எண்ணை மூடி, அதன்மேல் புது எண்ணைத் தட்டச்சு செய்வது. நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பொருத்தாதீர்கள், கருவியால் தொட்டே எடுங்கள் என்பது மட்டும் உண்மை. அண்ணாச்சி போனில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் எப்போதும் போட்டே கிடக்கும். அந்தத் திரையில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சை, அடுத்தவர் போனில் இரண்டாகத் தெரியும்.

ஆனால் தொட்டு எடுத்தும் சரிவரவில்லை. காரணம் நான் சொன்ன அந்த வெளிறும் பின்னணி. ஒரு எண்ணின் மேல்பக்கத்தில் ஒரு பச்சை, அதே எண்ணின் கீழ்பக்கத்தில் வேறு பச்சை. நாம் போடும் கட்டமோ முழுக்க ஒரே பச்சை. மேல் ஓரத்தில் பொருந்தினால் கீழ் ஓரத்தில் கோடு தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது என்று விட்டோம். மறுநாள் குரூப்பில் போனபிறகு பெரிதாக்காமலே தெரிந்தது.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமாவின் படம் அசிங்கமாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கேலரியில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைக்கிற விவரங்களை விட்டுவிடும். சாமி படத்துக்கும் குழந்தை போட்டோவுக்கும் அது போதும். கூரான ஓரம் உள்ள எழுத்துக்கும் எண்ணுக்கும் போதாது. ஓரத்தைச் சுற்றி புழுதி படிந்தது மாதிரி வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது இன்னொரு தடவை சுருக்கும். அண்ணாச்சி செய்தது என்னவென்றால், குரூப்பில் நேற்றுப் போட்ட படத்தைத் திறந்து, அதிலேயே இன்றைக்குத் திருத்தி, அதையே மறுபடியும் போடுவது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்தில் "உளுந்து வடை"யில் உள்ள சுழி எல்லாம் அடைத்துப் போயிருந்தது. அவர் தொடாத வரிகள் அவை.

இன்னொன்று, சிவப்பு எழுத்து. ஜேபெக் பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தைத்தான் நுணுக்கமாக வைத்துக்கொள்ளும், நிற வித்தியாசத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் வைக்கும். பச்சைமேல் சிவப்பு என்பது கண்ணுக்கு எடுப்பாக இருந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருட்டு. அதனால் சிவப்பு எண்கள்தான் முதலில் கசிந்தன. 15 என்பது 16 மாதிரி, 8 என்பது 6 மாதிரி. மஞ்சள் எழுத்து கரும்பச்சைமேல் தாக்குப்பிடித்தது. சந்தேகம் இருந்தால் படத்தை கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எண் பளிச்சென்று தெரிந்தால் அந்த நிற ஜோடி நல்லது. எங்கள் சிவப்பு எண்கள் கருப்பு வெள்ளையில் காணாமலே போய்விட்டன.

இரண்டு நாள் இப்படி மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒட்டை மறைக்கப் பார்ப்பதுதான் தப்பு. மறைக்காமலே போட்டுவிட வேண்டும். விலைகள் இருக்கிற வலது பக்கம் முழுவதையும், மேலிருந்து கீழ்வரை, ஒரே ஒரு வெள்ளைப் பட்டையால் மூடிவிட்டேன். பதினொரு விலையும் போய்விட்டது. இப்போது அது ஒட்டு இல்லை, போர்டின் டிசைன். பச்சையில் பெயர்கள், வெள்ளையில் விலைகள். பொருத்த வேண்டிய நிறமே கிடையாது. வெள்ளைமேல் கருப்பு எண் வைத்தால் எத்தனை தடவை சுருங்கினாலும் படிக்கலாம். விலை எழுதாத இந்தப் படத்துக்கு நாங்கள் வைத்த பெயர் தாய்ப்படம்.

உங்கள் மாமாவுக்கும் முதலில் இதைச் செய்துகொடுங்கள். ஃப்ளெக்ஸ் போட்டவரிடம் கோப்பு இன்னும் இருந்தால், விலை இல்லாமல் பிஎன்ஜி படமாகக் கேட்டு வாங்குங்கள். பிஎன்ஜியில் சேமிக்கும்போது எதுவும் தொலையாது. அவர்கள் கோரல் டிராவில் செய்த கோப்பை அப்படியே கொடுத்தால் போனில் திறக்க வழியிருக்காது, அதனால் பிஎன்ஜி என்று சொல்லியே கேளுங்கள். அண்ணாச்சிக்கு அந்த யோகம் இல்லை, கடைக்காரர் பழையதை எல்லாம் அழித்திருந்தார். குரூப்பில் மேலே மேலே தள்ளிப்போய், அந்தப் படம் முதன்முதலில் போட்ட நாளைக் கண்டுபிடித்து, திருத்தாத அந்தப் பிரதியைத்தான் எடுத்தோம். இருக்கிறதிலேயே பழைய பிரதிதான் சுத்தமான பிரதி.

வேலைக்கு நான் கொடுத்த ஆப் PixelLab. ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும், இடையில் விளம்பரம் வரும். இதுதான் உசத்தி என்று இல்லை. எண்ணைத் தனித் துண்டாக வைத்து, வேலையை ப்ராஜெக்டாகச் சேமிக்க விடுகிற எந்த ஆப்பும் போதும். தாய்ப்படத்தைப் பின்னணியாக வைத்து, வெள்ளைப் பட்டையில் முதல் வரிக்கு நேராக 15 என்று ஓர் எழுத்துத் துண்டு போட்டோம். அளவும் தடிமனும் பிடித்த பிறகு அதையே பத்து தடவை நகலெடுத்து ஒவ்வொரு வரிக்கும் நேராக இறக்கினோம். ஒவ்வொன்றையும் புதிதாகத் தட்டினால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்துவிடும், நகலெடுத்தால் அந்த வம்பு இல்லை. பிறகு நகல்களில் எண்ணை மட்டும் மாற்றினோம்: காபி 20, சுக்கு காபி 15, உளுந்து வடை 10, பருப்பு வடை 10, ஆம்லெட் 20 என்று. கடைசியாக மேலே ஓர் ஓரத்தில் தேதிக்கு ஒரு துண்டு.

ஒன்றைக் கவனியுங்கள், தமிழ் எழுத்து எதையும் நாங்கள் தொடவில்லை. பெயர்கள் படத்தோடு படமாகப் பின்னணியில் இருக்கின்றன. தினமும் மாறுவது எண்கள் மட்டும். இது சோம்பேறித்தனம் இல்லை, தற்காப்பு. போன் ஆப்களில் தமிழ் எழுத்துரு தேடி இறக்கினால், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் நிறைய மாட்டும். அவை யூனிகோடு வருவதற்கு முன்பு செய்தவை. நாம் போனில் தட்டுவது யூனிகோடு. இரண்டும் சேராமல், தேர்ந்தெடுத்த எழுத்து வராது, அல்லது கட்டம் கட்டமாக வரும். சில ஆப்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "போண்டா" என்பதற்கு இரட்டைச்சுழிக் கொம்பும் பகரமும் துணைக்காலும் தனித்தனியாக நின்ற படத்தை நானே பார்த்திருக்கிறேன். 0 முதல் 9 வரைக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எந்த எழுத்துருவிலும் ஒழுங்காக வரும். ரூபாய்க் குறி 2010இல் வந்தது, அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அது இருக்காது. அதனால் "ரூ." என்பதையும் பட்டையின் தலையில் ஒரே தடவை எழுதித் தாய்ப்படத்திலேயே சேர்த்துவிட்டேன்.

பஜ்ஜி இல்லாத நாளில்? வரியை அழிக்க வேண்டாம், விலைக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. அண்ணாச்சி கண்டுபிடித்தது அது, நான் இல்லை. "கோடு போட்டா இன்னைக்கு இல்லைன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்ல" என்றார்.

அப்புறம் அவர் கற்றுக்கொண்ட விதம். எனக்கு இருபது நிமிஷ வேலை, அவருக்கு ஒரு வாரம் ஆனது. மூளை பிரச்சினை இல்லை, விரல்தான் பிரச்சினை. எண்ணை மாற்றத் தொட்டால் அது நகர்ந்துவிடும். 15 என்பது டீக்கும் காபிக்கும் நடுவில் போய் நிற்கும், எதற்கு எது என்று தெரியாது. இதற்கு அடுக்குப் பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் பூட்டு இருக்கும், அதைப் போட்டுவிட வேண்டும். ஆனால் பூட்டினால் சில நேரம் தொட்டுத் திருத்தவும் விடாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது அவருக்குக் குழப்பம். கடைசியில் டீ, காபி மாதிரி மாறாத ஆறு எண்களை மட்டும் பூட்டினோம். மாறுகிற ஐந்தையும் தேதியையும் பூட்டாமல் விட்டோம். நகர்ந்தால் பின்னோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அது நன்றாகப் பிடிபட்டது.

ஈரக்கை இன்னொரு தொல்லை. பால் கொதிக்கிற அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்வார். திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் போன் அதையும் ஒரு விரலாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் தானாகவே பெரிதாகிச் சிறிதாகிக்கொண்டிருந்தது படம். "போன்ல பேய் பூந்துருச்சு தம்பி" என்று ஓடிவந்தார். துண்டின் காய்ந்த மூலையால் திரையைத் துடைத்துக் கொடுத்தேன், பேய் போய்விட்டது. அதிலிருந்து கடை திறக்கும் முன்பே, பால் வைப்பதற்கு முன்னால் படத்தை முடித்துவிடுவார்.

நான்காம் நாள் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். குரூப்பில் வந்த படத்தில் ஆம்லெட் விலை 22ம் இல்லை, 20ம் இல்லை. ஏதோ ஒரு கரிய உருண்டை. என்ன செய்தார் என்று போனை வாங்கிப் பார்த்தேன். ஆப்பைத் திறந்து ப்ராஜெக்டை எடுக்காமல், கேலரியில் இருந்த நேற்றைய படத்தைத் திறந்து, அதன்மேல் புதிதாக 22 எழுதியிருக்கிறார். அடியில் பழைய 20 அப்படியே இருக்கிறது. பழைய பழக்கம், கை தானாகக் கேலரிக்குப் போகிறது.

சேமிப்பதில் இரண்டு உண்டு என்பது அவருக்கு விளங்கவில்லை. நானும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ப்ராஜெக்டாகச் சேமித்தால் எண்கள் தனித் துண்டுகளாகவே இருக்கும், நாளைக்குத் தொட்டு மாற்றலாம். படமாகச் சேமித்தால் எல்லாம் ஒரே தாளாக ஒட்டிக்கொள்ளும், அது அனுப்புவதற்கு மட்டும். அவருக்குப் புரிய வைத்தது இப்படி: ப்ராஜெக்ட் என்பது மாவுப் பாத்திரம், படம் என்பது சுட்ட வடை. வடையைத் திருப்பி மாவாக்க முடியாது. "அப்பச் சரி" என்றார், அதற்குப் பிறகு மாறவில்லை. உங்கள் மாமாவுக்கு ஓர் அடையாளமும் சொல்லிக்கொடுங்கள். எண்ணைத் தொட்டால் அதைச் சுற்றி ஒரு கட்டம் வர வேண்டும். வராவிட்டால் அவர் திறந்திருப்பது வடை. உடனே மூடிவிட்டு வெளியே வர வேண்டும்.

கூடவே கேலரியில் பழைய விலைப் படங்களை அன்றன்று அழித்துவிடச் சொன்னேன். பழையது இருந்தால்தானே கை அங்கே போகும். இடமும் மிச்சம்.

ஆனால் தாய்ப்படத்தை மட்டும் வேறெங்காவது வைக்க வேண்டும். இடம் போதவில்லை என்று பேரன் ஒரு நாள் ஆப்பைத் தூக்கிவிட்டால் ப்ராஜெக்டும் போகலாம். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அதில் தாய்ப்படத்தைப் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பி நட்சத்திரம் போட்டு வைத்தோம். டாக்குமென்டாக அனுப்பினால் அது சுருக்காது, உள்ளது உள்ளபடி இருக்கும். எல்லாம் போனாலும் அதிலிருந்து அரை மணி நேரத்தில் மறுபடி உருவாக்கிவிடலாம்.

தினமும் குரூப்புக்கு அனுப்புவதை டாக்குமென்டாக அனுப்ப வேண்டாம். திறக்காமல் எதுவும் தெரியாது, யாரும் மெனக்கெட்டுத் திறக்க மாட்டார்கள். போட்டோவாகவே அனுப்பலாம். அனுப்பும் முன் மேலே HD என்று வருவதைத் தொட்டால் கொஞ்சம் தெளிவு கூடும். வெள்ளைமேல் கருப்பு ஆன பிறகு எங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. படத்தின் வடிவம்தான் முக்கியம். மிக நீளமான படம் என்றால் குரூப்பில் நடுப்பகுதி மட்டும் தெரியும், மேலும் கீழும் வெட்டுப்படும். அகலம் நாலு பங்கென்றால் உயரம் ஐந்து பங்கு, அதுவே போதும். ஸ்டேட்டஸிலும் போடுகிறார் என்றால் அதற்கு இன்னும் உயரமான வடிவம் கேட்கும். ஆனால் அங்கே மேல் ஓரத்தில் பெயரும் கீழ் ஓரத்தில் பதில் அனுப்பும் பட்டையும் வந்து மறைக்கும், அந்த இரண்டு இடத்திலும் விலை வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

தேதித் துண்டைப் பற்றி முதலில் அண்ணாச்சி முணுமுணுத்தார், "அது வேற ஒரு வேலையா" என்று. பத்து நாள் கழித்து ஒருவர் பழைய படத்தைக் காட்டி அவித்த முட்டை பத்து ரூபாய்தானே என்று நின்றார். அண்ணாச்சி பேசவே இல்லை. படத்தின் மூலையைப் பெரிதாக்கித் தேதியைக் காட்டினார். அதிலிருந்து எண்ணுக்கு முன்னால் தேதியைத்தான் மாற்றுகிறார். தேதியை மாற்றினால் ப்ராஜெக்டில்தான் இருக்கிறோம் என்பதும் உறுதியாகிவிடுகிறது, அது எனக்குத் தோன்றாத லாபம்.

இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம் இது: தினமும் மாறுவது ஒன்றிரண்டு சாமான்தான் என்றால் சிலேட்டே மேல். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு எழுதி, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரும்படி நின்று, ஃபிளாஷ் இல்லாமல் நேருக்கு நேர் ஒரு படம். ஈரத்தோடு எழுதினால் சாக்பீஸ் காயும் வரை தெரியாது, காய்ந்த பிறகு திட்டுத்திட்டாக வரும். சாய்ந்து விழுந்த படத்தை நிமிர்த்தவும், தப்பாக எழுதிய ஓர் எண்ணைத் தேய்த்து எடுக்கவும் Snapseed போதும். தேய்க்கும் முன் நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும், பெரிதாக்கினால்தான் அதன் தூரிகை சிறிதாகும், பக்கத்து எழுத்தைத் தின்னாது. சிலேட்டின் கருப்பில் திட்டு இருப்பது இயல்பு என்பதால் அங்கே ஒட்டு தெரியாது. வழவழப்பான ஃப்ளெக்ஸ் படத்தில் அதே வேலையைச் செய்தால் தெரியும்.

தப்பாக அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தைப் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம், படத்துக்குக் கீழே எழுதும் வரியையும் திருத்தலாம். படத்தையே மாற்ற முடியாது. எல்லோருக்கும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குள் யாராவது சேமித்திருந்தால் அது அவர்கள் போனில் இருக்கும். அதனால் அண்ணாச்சி படத்துக்குக் கீழே அன்று மாறியதை மட்டும் ஒரு வரி எழுதுவார்: "ஆம்லெட் 22. பஜ்ஜி இல்லை." நெட் மெதுவாக இருந்து படம் இறங்காதவர்களுக்கும் அது போதும்.

போன மாதம் ஒரு நாள் உளுந்து வடை 100 என்று வந்தது. விரல் ஒரு சுழி கூடுதலாகத் தட்டிவிட்டது. நான் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதற்குள் அழித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் சரியானதைப் போட்டிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அனுப்புவதற்கு முன் படத்தைப் பார்ப்பதில்லையாம், அனுப்பிய பிறகு குரூப்பில் சின்னதாகத் தெரிகிறதே, அதில்தான் பார்ப்பாராம். "சின்னதுல படிக்க முடிஞ்சா எல்லாருக்கும் படிக்க முடியும், இல்லையா? பத்துக்குப் பக்கத்துல ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு." அனுப்புவதற்கு முன்பே, எண்களின் வலது ஓரம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று மேலிருந்து கீழாக ஒரு தடவை பாருங்கள் என்று சொன்னேன். மூன்று இலக்கம் தப்பாக விழுந்தால் அங்கேயே துருத்தும். சரி என்று தலையாட்டினார். இன்னமும் அனுப்பிய பிறகுதான் பார்க்கிறார்.